அமெரிக்கப் புள்ளிகளை வரைந்தேன், பிலிப்ஸ் வளைகோடும் இல்லை, செங்குத்துக் கோடும் இல்லை

கயல்_எம்ஏ

எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். பாடத்தில் இரண்டு படங்கள் வருகின்றன. முதல் படத்தில் இடமிருந்து வலமாக இறங்கும் பிலிப்ஸ் வளைகோடு: வேலையின்மை குறைந்தால் பணவீக்கம் ஏறும். இரண்டாவது படத்தில் நேராக நிமிர்ந்து நிற்கும் கோடு. "எதிர்பார்ப்புகள் சரிசெய்துகொள்வதால் நீண்டகாலத்தில் செங்குத்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியைத் தேர்வில் எழுதலாம், மதிப்பெண்ணும் வரும். எனக்குத்தான் புரியவில்லை.

சரி, தரவை எடுத்து வரைந்து பார்ப்போம் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை வெளியிட்ட ஆண்டுச் சராசரி வேலையின்மை, நுகர்வோர் விலை ஏற்றம் இரண்டையும் இறக்கினேன். சில ஆண்டுகளை மட்டும் இங்கே போடுகிறேன்.

```
ஆண்டு   வேலையின்மை %   பணவீக்கம் %
1961       6.7            1.0
1964       5.2            1.3
1966       3.8            2.9
1968       3.6            4.2
1969       3.5            5.5
1970       4.9            5.7
1973       4.9            6.2
1974       5.6           11.0
1977       7.1            6.5
1980       7.1           13.5
1983       9.6            3.2
```

1969 வரை அழகான வளைகோடு வருகிறது. அதற்குப் பிறகு யாரோ கடுகை இறைத்த மாதிரி இருக்கிறது. செங்குத்துக் கோடு எங்கேயும் தெரியவில்லை. எதைப் பார்த்துச் செங்குத்து என்கிறார்கள்?

கடைசிபெஞ்ச்

இதில் குழப்பமே இல்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தன, விலை நாலு மடங்கு ஆனது. எண்ணெய் விலை ஏறினால் பொருள் விலையும் ஏறும், ஆலைகளும் ஆட்களைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து ஏறியதால் வளைகோடு உடைந்தது. 1979இல் ஈரானில் புரட்சி, மறுபடியும் அதே கதை. எண்ணெய் இல்லாத ஆண்டுகளை மட்டும் எடுத்து வரையுங்கள், பழைய வளைகோடு அப்படியே வரும். எதிர்பார்ப்பு, அது இது என்பதெல்லாம் பின்னால் சேர்த்த விளக்கம்.

பழைய வாத்தியார்

கடைசிபெஞ்ச் தம்பி சொல்வதில் பாதி உண்மை. 1974இல் 11 சதவீதம் போனதற்கு எண்ணெய் பெரிய காரணம், அதில் சண்டையில்லை. ஆனால் கயல் போட்ட பட்டியலில் 1970ஐப் பாருங்கள். எண்ணெய்த் தடை வந்தது 1973 அக்டோபரில். அதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே வளைகோடு இடம் மாறிவிட்டது. 1964இல் வேலையின்மை 5.2, பணவீக்கம் 1.3. 1970இல் வேலையின்மை 4.9, பணவீக்கம் 5.7. வேலையின்மை ஏறத்தாழ அதே அளவு, பணவீக்கம் நாலு மடங்குக்கும் மேல். நடுவில் எண்ணெய் அதிர்ச்சி எதுவும் இல்லை. நடுவில் இருப்பது 1966 முதல் 1969 வரையிலான நாலு ஆண்டுகள். வியட்நாம் போர்ச் செலவு, உள்நாட்டு நலத்திட்டச் செலவு, தாராளமான பணக்கொள்கை எல்லாம் சேர்ந்து வேலையின்மையை 4 சதவீதத்துக்குக் கீழேயே வைத்திருந்த ஆண்டுகள்.

"பின்னால் சேர்த்த விளக்கம்" என்பதும் சரியல்ல தம்பி. மில்டன் பிரீட்மேன் இதைச் சொன்னது 1967 டிசம்பரில், அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவர் உரையில். எட்மண்ட் பெல்ப்ஸ் அதே காலத்தில் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். அன்றைக்குக் கையிலிருந்த புள்ளிகள் எல்லாம் பழைய வளைகோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. வளைகோடு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோதே "இது நிற்காது" என்று சொன்னார்கள். அதனால்தான் அந்த வாதத்துக்கு இவ்வளவு மரியாதை.

கயலுக்கு ஒரு சின்ன விவரம். பிலிப்ஸ் 1958இல் வரைந்தது பொருள் விலையை அல்ல, பிரிட்டனின் பணக்கூலி ஏற்றத்தை. வளைகோட்டைப் பொருத்தியது 1861 முதல் 1913 வரையிலான ஆண்டுகளுக்கு. அந்தக் காலத்தில் விலைகள் சில ஆண்டு ஏறும், சில ஆண்டு இறங்கும். ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும் பணவீக்கம் என்பதை அந்தத் தொழிலாளிகள் பார்த்ததில்லை. அதனால் கூலி பேசும்போது அடுத்த ஆண்டு விலைவாசியைக் கணக்கில் சேர்க்க வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரிதாக இருக்கவில்லை. வளைகோடு ஒரே இடத்தில் நின்றதற்குக் காரணமே அதுதான். 1960இல் சாமுவேல்சனும் சோலோவும் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, கூலிக்குப் பதில் விலையைப் போட்டு, ஆட்சியாளர்கள் இதில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற தொனியில் எழுதினார்கள். எதிர்பார்ப்பு மாறினால் கோடும் நகரலாம் என்ற எச்சரிக்கை அவர்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அதைப் படித்தவர்கள் குறைவு.

யூனியன்காரன்

சார், நான் பொருளியல் படித்தவன் இல்லை. கோவைப் பக்கம் ஒரு இயந்திர உதிரிபாக ஆலையில் சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் போடுகிறோம். நீங்கள் பேசுவது எங்கள் பேச்சுவார்த்தை மேசை விஷயம் மாதிரி தெரிவதால் கேட்கிறேன்.

ஒருமுறை விலைவாசி அடங்கியிருந்த நேரத்தில் ஒப்பந்தம் போட்டோம். பஞ்சப்படிக்கு நிர்வாகம் ஒரு உச்சவரம்பு வைத்தது. எங்கள் ஆட்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடிப்படைச் சம்பளத்தில் கூடுதலாகக் கிடைத்ததால் கையெழுத்துப் போட்டோம். அடுத்த ஆண்டே விலை ஏறியது. உச்சவரம்பு தாண்டிவிட்டது, மீதி இரண்டு ஆண்டும் கையில் வாங்குவது தேய்ந்துகொண்டே போனது. அந்த இரண்டு ஆண்டில் நிர்வாகம் புதிதாக நிறைய ஆட்களை எடுத்தது, மூன்றாவது ஷிப்டு ஓடியது. அடுத்த ஒப்பந்தத்தில் எங்கள் முதல் கோரிக்கையே உச்சவரம்பை எடு என்பதுதான். எடுத்த பிறகு ஆளெடுப்பு நின்றது. எங்கள் ஆட்களில் சிலர் "நாம் அதிகம் கேட்டதால்தான் வேலை போச்சு" என்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் கேட்டது தப்பா?

பழைய வாத்தியார்

தோழர், தப்பு சரி என்பதை நான் சொல்ல முடியாது. ஒரு ஆலையின் ஆளெடுப்புக்கு ஆர்டர், இயந்திரம், ஏற்றுமதி என்று நூறு காரணம் இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன வரிசை இருக்கிறதே, முதலில் உச்சவரம்பை ஏற்றது, பிறகு விலை ஏறியது, ஆலைக்கு உங்கள் உழைப்பு மலிவானது, ஆளெடுத்தது, அப்புறம் நீங்கள் உச்சவரம்பை உடைத்தது, இதுதான் பிரீட்மேன் சொன்ன வழி.

கணக்காகச் சொல்கிறேன். எல்லாரும் விலைவாசி 1 சதவீதம் ஏறும் என்று நினைக்கிறார்கள். மைய வங்கி பணத்தைத் தாராளமாக விடுகிறது. முதலாளி விற்கும் பொருளின் விலை 5 சதவீதம் ஏறுகிறது. கூடுதலாகச் செய்து விற்க ஆள் வேண்டும், கூலியை 3 சதவீதம் ஏற்றித் தருகிறார். தொழிலாளி கணக்கில் 3 கழித்தல் 1, உண்மைக் கூலி 2 சதவீதம் ஏறியிருக்கிறது, வேலைக்கு வரலாம். முதலாளி கணக்கில் 3 கழித்தல் 5, உண்மைக் கூலி 2 சதவீதம் இறங்கியிருக்கிறது, ஆளெடுக்கலாம். ஒரே கூலியை இருவரும் இரண்டு விலையால் கழிக்கிறார்கள், இருவருக்கும் லாபமாகத் தெரிகிறது. வேலையின்மை குறைவது இந்த இடைவெளியால் மட்டும்தான். முதலாளிக்குத் தன் ஒரு பொருளின் விலை உடனே தெரியும். தொழிலாளி வாங்குவது நூறு பொருள், அந்தச் சராசரி அவருக்குத் தெரிய மாதங்கள் ஆகும், ஒப்பந்தம் மாற ஆண்டுகள் ஆகும்.

தெரிந்த பிறகு? அடுத்த பேச்சில் இழந்த 2ஐயும் கேட்பார், இனி வரப்போகும் 5ஐயும் கேட்பார். கூலி விலையை எட்டிப் பிடித்ததும் முதலாளிக்கு இருந்த ஆதாயம் போய்விடும். ஆளெடுப்பு பழைய நிலைக்குத் திரும்பும். பணவீக்கம் மட்டும் 5இலேயே நிற்கும்.

உங்கள் உச்சவரம்புக் கதை அமெரிக்காவிலும் நடந்தது. கார் தொழிலாளர் சங்கம் 1948இலேயே ஜெனரல் மோட்டார்ஸிடம் விலைவாசிப் படி வாங்கிவிட்டது. 1967 ஒப்பந்தத்தில் அந்தப் படிக்கு ஒரு உச்சவரம்பை ஏற்றுக்கொண்டார்கள். அப்போது பணவீக்கம் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 1969இல் அது 5.5. 1970 செப்டம்பரில் வேலைநிறுத்தம், இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது, உச்சவரம்பு போனது. அந்த 1970இல் நாட்டில் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய வளைகோட்டின்படி வேலையின்மை ஏறும்போது சங்கங்களின் பிடி தளர வேண்டும். ஆனால் அவர்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தது முந்தைய மூன்று ஆண்டின் விலைவாசியை. கயலின் பட்டியலில் 1970 ஏன் மேலே நிற்கிறது என்பதற்கு ஒரே ஒரு ஒப்பந்தத்தைப் பார்த்தாலே போதும்.

கயல்_எம்ஏ

சார், கோடு ஏன் மேலே நகர்கிறது என்பது இப்போது புரிகிறது. ஆனால் "மேலே நகரும் வளைகோடுகள்" என்றால் பல வளைகோடுகள்தானே? செங்குத்துக் கோடு எப்படி வருகிறது? என் புள்ளிகளில் வேலையின்மை 3.5இலிருந்து 9.6 வரை இருக்கிறது. செங்குத்து என்றால் எல்லாம் ஒரே வேலையின்மையில் குவிய வேண்டாமா?

பழைய வாத்தியார்

வேண்டாம். செங்குத்துக் கோடு புள்ளிகளின் ஊடாக வரையும் கோடு அல்ல. மக்கள் எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒன்றாக இருக்கும் நிலைகளை மட்டும் சேர்த்தால் வரும் கோடு. நிஜத்தில் ஏமாற்றம் இல்லாத ஆண்டு அபூர்வம், அதனால் புள்ளிகள் அதற்கு இருபுறமும் சிதறிக் கிடக்கும்.

எளிய எண்களை வைத்துக்கொள்வோம். இவை என் கற்பனை, அமெரிக்காவின் மதிப்பீடு அல்ல.

```
π = πe − 0.5 (u − 5)
```

π நடந்த பணவீக்கம், πe எதிர்பார்த்தது, u வேலையின்மை. u சரியாக 5 என்றால் அடைப்புக்குறிக்குள் பூஜ்யம், நடந்தது எதிர்பார்த்தபடியே. இதிலேயே படத்தை வாசிக்கும் வழி இருக்கிறது. எதிர்பார்ப்பு மாறாதவரை நிற்கும் ஒவ்வொரு குறுகியகால வளைகோடும் 5 சதவீத வேலையின்மையில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரம்தான் அந்த ஆண்டின் எதிர்பார்ப்பு. கோட்டின் சரிவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த உயரத்தைப் பாருங்கள்.

இப்போது மக்கள் போன ஆண்டுப் பணவீக்கமே இந்த ஆண்டும் வரும் என்று நினைப்பதாக வைப்போம். தொடக்கம் வேலையின்மை 5, பணவீக்கம் 1. அரசாங்கம் வேலையின்மையை 3இல் பிடித்து வைக்க விரும்புகிறது. முதல் ஆண்டு பணவீக்கம் 2. பரவாயில்லை, ஒரு சதவீதம் கூடக் கொடுத்து இரண்டு சதவீத வேலையின்மையைக் குறைத்துவிட்டோம் என்று தோன்றும். இரண்டாம் ஆண்டு மக்கள் 2ஐ எதிர்பார்த்தே தொடங்குவார்கள், அதே 3 சதவீத வேலையின்மைக்கு 3 கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு 4, நாலாம் ஆண்டு 5. ஓரிடத்தில் நிற்கவே நிற்காது.

ஐந்தாம் ஆண்டு போதும் என்று வேலையின்மையை மறுபடி 5க்கு விட்டால், பணவீக்கம் 1க்கு வராது. 5இலேயே நிற்கும். தொடங்கிய வேலையின்மைக்கே திரும்பிவிட்டோம், பணவீக்கம் மட்டும் நாலு கூடிவிட்டது. தாளில் (5, 1) என்ற புள்ளியையும் (5, 5) என்ற புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் நீங்கள் தேடும் செங்குத்துக் கோடு. பணவீக்கத்தை மறுபடி 1க்கு இறக்க வேண்டுமானால் நாலு ஆண்டு 7 சதவீத வேலையின்மையைத் தாங்க வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு 9 சதவீதம்.

உங்கள் பட்டியலின் கடைசி வரி அந்தத் தாங்கல்தான். 1979 அக்டோபரில் அமெரிக்க மைய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்கர் பணக்கொள்கையின் பிடியை இறுக்கினார். 1982இன் ஆண்டுச் சராசரி வேலையின்மை 9.7, அந்த ஆண்டு இறுதி மாதங்களில் 10.8 வரை போனது. 1980இல் 13.5ஆக இருந்த பணவீக்கம் 1983இல் 3.2.

தேர்வுக்காலம்

அப்படியென்றால் வேலையின்மையை ஒன்றும் செய்ய முடியாது, 5 சதவீதம் பேர் எப்போதும் வேலையில்லாமல்தான் இருக்க வேண்டும் என்று பொருளியல் சொல்கிறதா? இது முதலாளிகளுக்குச் சாதகமான கோட்பாடு. வேலை கொடுக்கும் திட்டம் எல்லாவற்றையும் மூடிவிடலாமே.

பத்திரக்காரி

கோடு செங்குத்து என்பது "பணத்தைக் கூடுதலாக விட்டு வேலையின்மையை நிரந்தரமாகக் குறைக்க முடியாது" என்பதை மட்டும்தான் சொல்கிறது. கோடு 5இல் நிற்க வேண்டுமா 4இல் நிற்க வேண்டுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது, பயிற்சி கிடைக்கிறதா, இடம் மாறிப் போக முடிகிறதா என்பவை கோட்டையே இடதுபக்கம் தள்ளும், வலதுபக்கமும் தள்ளும். பிரீட்மேனும் அந்த விகிதம் மாறாதது என்று சொல்லவில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த எண் என்ன என்று யாருக்கும் நேரத்தில் தெரியாது. 1970களில் அமெரிக்கக் கொள்கை வகுத்தவர்கள் அதைக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டுகின்றன. கோடு 6இல் இருக்கும்போது 4 என்று நம்பி வண்டியை ஓட்டினால், வாத்தியார் கணக்குப் போட்ட அதே ஏணியில்தான் ஏறுவீர்கள். அதுவும் தெரியாமலே.

கயல், படத்துக்கு ஒரு யோசனை. பணவீக்கத்தை வரையாதீர்கள், போன ஆண்டை விட அது எவ்வளவு மாறியது என்பதை வரையுங்கள். எதிர்பார்ப்பு என்பது போன ஆண்டுப் பணவீக்கம்தான் என்றால், சூத்திரத்தில் அதை இடதுபக்கம் கொண்டுபோனால் மிஞ்சுவது அந்த மாற்றமும் வேலையின்மையும் மட்டுமே. 1966 முதல் 1984 வரை போட்டுப் பாருங்கள், இறைந்த கடுகு ஓரளவு ஒரு சாய்வுக்கு வரும். அந்தச் சாய்வு பூஜ்யத்தை எங்கே வெட்டுகிறதோ, உங்கள் செங்குத்துக் கோடு சுமாராக அங்கே நிற்கிறது. 1972, 1974 இரண்டும் விலகி நிற்கும், பயப்படாதீர்கள். 1971 ஆகஸ்டில் நிக்சன் விலை, கூலிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார், அது 1972ஐ அமுக்கியது. 1974இல் கட்டுப்பாடு போனது, எண்ணெயும் ஏறியது. கடைசிபெஞ்ச் சொன்ன எண்ணெய்க்கு உரிய இடம் அதுதான்: கோட்டிலிருந்து புள்ளி விலகும் தூரம்.

கடைசிபெஞ்ச்

அக்கா, 1973இல் எண்ணெய் ஏறியது ஆண்டுக் கடைசியில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உணவு விலை அந்த ஆண்டு முழுக்க ஏறியதே, அதுவும் எதிர்பார்ப்பா? இன்னொன்று. வாத்தியார் சூத்திரத்தில் πeக்கு முன்னால் எண் எதுவும் இல்லை, அதாவது 1. அந்த 1 எங்கிருந்து வந்தது? மக்கள் எதிர்பார்ப்பில் பாதியை மட்டும் கூலியில் சேர்த்தால்? 0.5 என்று வைத்தால், வேலையின்மையை 3இல் பிடித்தால் பூஜ்யத்தில் தொடங்கி முதல் ஆண்டு 1, பிறகு 1.5, 1.75 என்று போய் 2இல் நின்றுவிடும். 2 சதவீதப் பணவீக்கத்துக்கு நிரந்தரமாக 3 சதவீத வேலையின்மை. வளைகோடு செங்குத்தாகவே இல்லை, கொஞ்சம் செங்குத்தாகிறது, அவ்வளவுதான். எல்லாமே அந்த 1இல் ஒளிந்திருக்கிறது.

பத்திரக்காரி

உணவு எதிர்பார்ப்பு இல்லை, எண்ணெய் மாதிரி அதுவும் அதிர்ச்சிதான். அந்த 1 பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இந்த இழையிலேயே சரியான இடத்தில் விழுந்த அடி.

1960களின் கடைசியில் இதை மதிப்பிட்டவர்களுக்கு 1ஐ விடக் குறைவான எண்கள்தான் கிடைத்தன. அதை வைத்து "பார்த்தீர்களா, நீண்டகாலத்திலும் சரிவு மிஞ்சுகிறது" என்றார்கள். 1971இல் தாமஸ் சார்ஜென்ட் அதற்கு ஒரு பதில் சொன்னார். எதிர்பார்ப்பு என்ற பெயரில் நீங்கள் சூத்திரத்தில் வைப்பது போன ஆண்டுகளின் பணவீக்கத்தை. ஒரு ஆண்டு ஏறி மறு ஆண்டே இறங்கிவிடும் காலத்தில், போன ஆண்டு 3 இருந்தால் இந்த ஆண்டும் 3 வரும் என்று விவரமான யாரும் நினைக்க மாட்டார்கள், ஒன்றோ ஒன்றரையோ என்று நினைப்பார்கள். அப்போது போன ஆண்டுப் பணவீக்கத்தின் மேல் பாதி எண்தான் கிடைக்கும். எதிர்பார்ப்பு முழுவதும் கூலியில் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து நிரந்தரப் பேரம் ஒன்று இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. நீங்கள் அந்தப் பேரத்தை நம்பிப் பணவீக்கத்தை மேலேயே வைத்தால், மக்கள் கணிக்கும் விதமே மாறும், எண் 1ஐ நோக்கி ஏறும். 1970களின் புள்ளிகள் சேரச்சேர அது ஏறத்தான் செய்தது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. நான் கடன்பத்திரச் சந்தையில் வேலை செய்கிறவள், எங்களுக்கு இந்தப் பக்கம்தான் பிழைப்பு. 1990களுக்குப் பிறகு பெடரல் ரிசர்வ் பணவீக்கத்தை 2 பக்கம் வைத்திருக்கும் என்று எல்லாரும் நம்பத் தொடங்கினார்கள். ஒரு ஆண்டு 3 வந்தாலும் அடுத்த ஆண்டுக் கணிப்பு 2தான். எதிர்பார்ப்பு நங்கூரம் போட்டு நின்றுவிட்டால் குறுகியகால வளைகோடு நகராது, பிலிப்ஸ் காலத்து மாதிரி பழைய இறங்குமுக வளைகோடு மறுபடியும் படத்தில் தெரியும். 2019 கடைசியில் வேலையின்மை 3.5, பணவீக்கம் ஏறிக்கொண்டே போகவில்லை. ஆகவே கயல், 1966–84க்குப் போடும் அந்த மாற்றப் படத்தை 1995–2019க்குப் போட்டால் சாய்வு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். கோட்பாடு பொய்த்தது என்று எழுதிவிடாதீர்கள், போன ஆண்டுப் பணவீக்கம் எதிர்பார்ப்புக்குப் பதிலாள் என்ற அனுமானம் மட்டும்தான் பொய்த்தது.

பழைய வாத்தியார்

இந்த இடத்தில் நான் அம்மாவோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் நங்கூரத்தின் மேல் போட்டுவிட்டால் கோட்பாட்டை எந்தத் தரவாலும் மறுக்க முடியாது. கோடு தெரிந்தால் எதிர்பார்ப்பு நிற்கிறது, தெரியாவிட்டால் எதிர்பார்ப்பு நகர்கிறது. இது கொஞ்சம் வசதியான பதில்.

பணவீக்கம் மிகக் குறைவாக இருக்கும்போது கோடு செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தனி வாதமே இருக்கிறது. அகர்லாப், டிக்கன்ஸ், பெர்ரி மூவரும் 1996இல் எழுதினார்கள். கைக்கு வரும் கூலியை ரூபாய்க் கணக்கில், இல்லை டாலர்க் கணக்கில், வெட்ட எந்தத் தொழிலாளியும் விடமாட்டார். 3 சதவீதப் பணவீக்கம் இருந்தால், நொடித்த தொழிலில் கூலியை ஏற்றாமல் விட்டாலே உண்மைக் கூலி இறங்கிவிடும். பணவீக்கம் பூஜ்யம் என்றால் வெட்டித்தான் இறக்க வேண்டும், வெட்ட முடியாது, ஆட்களை நிறுத்துவார்கள். ஆக அடிப்பகுதியில் கோடு வலதுபக்கம் வளைகிறது. இதை யூனியன்காரன் தோழரிடம் கேட்டால் புத்தகம் இல்லாமலே சொல்வார்.

யூனியன்காரன்

சொல்கிறேன். சம்பளத்தை ஏற்றாமல் விட்டால் வாயிற்கூட்டம் போடுவோம். நூறு ரூபாய் குறைத்தால் ஆலை நிற்கும்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பஞ்சப்படி மாதாமாதம் விலைவாசிக் குறியீட்டோடு ஏறினால், நாங்கள் ஏமாறும் காலமே இருக்காதே? அப்போது அந்த இறங்குமுக வளைகோடு எங்களுக்கு எப்போதுமே கிடையாதா?

பத்திரக்காரி

கிட்டத்தட்ட அப்படித்தான் தோழர். படி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, குறுகியகாலம் அவ்வளவு குறுகும், வளைகோடு அவ்வளவு நிமிரும். பணவீக்கத்தை இறக்கும்போது இது நல்லது, கூலியும் கூடவே தானாக இறங்குமுகத்துக்கு வரும், வேலையிழப்பு குறைவு. எண்ணெய் மாதிரி வெளி அதிர்ச்சி வந்தால் கெட்டது, அந்த ஏற்றம் அப்படியே கூலிக்குள் புகுந்து அடுத்த சுற்றுக்குப் போகும். உங்கள் ஆலையில் ஆளெடுப்பு நின்றது இதனாலா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கயல்_எம்ஏ

மாற்றப் படம் போட்டுவிட்டேன். 1966 முதல் 69 வரை வேலையின்மை 4க்குக் கீழே, நாலு ஆண்டும் பணவீக்கம் ஏறியிருக்கிறது (1967இல் வெறும் 0.2). 1975, 76, 81, 82, 83 ஐந்திலும் வேலையின்மை 7.5க்கு மேல், ஐந்திலும் பணவீக்கம் இறங்கியிருக்கிறது. கண்ணளவில் கோடு பூஜ்யத்தை வெட்டுவது 6க்கும் 7க்கும் நடுவில். அக்கா சொன்னபடி 1972உம் 74உம் வெளியே நிற்கின்றன. 1980உம் நிற்கிறது, 7.1 வேலையின்மையில் 2.2 ஏற்றம், அது ஈரான் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம்.

1984தான் இடிக்கிறது. வேலையின்மை 7.5, பணவீக்கம் 3.2இலிருந்து 4.3க்கு ஏறியிருக்கிறது. அந்த ஆண்டு எண்ணெய் அதிர்ச்சி எதுவும் இல்லை. 7.5இல் பணவீக்கம் ஏறுகிறது என்றால் செங்குத்துக் கோடு 7.5க்கும் வலதுபக்கம் போய்விட்டதா?

பழைய வாத்தியார்

1985ஐயும் சேர்த்துப் பாருங்கள். வேலையின்மை 7.2க்கு இறங்கியது, பணவீக்கம் 3.6. கோடு 7.5க்கு அப்பால் போயிருந்தால் அந்த ஆண்டு இன்னும் ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்கிறது. 1984இல் விசேஷம் வேலையின்மையின் அளவு அல்ல, அது விழுந்த வேகம்: ஒரே ஆண்டில் 9.6இலிருந்து 7.5. பிலிப்ஸே 1958 கட்டுரையில் இதைக் கவனித்திருக்கிறார். ஒரே அளவு வேலையின்மையில், அது இறங்கிக்கொண்டிருக்கும் ஆண்டில் கூலி வேகமாக ஏறுகிறது, ஏறிக்கொண்டிருக்கும் ஆண்டில் மெதுவாக. அவர் படங்களில் புள்ளிகள் வளைகோட்டைச் சுற்றிச் சுழிகளாக ஓடும்.

பத்திரக்காரி

வேகம் ஒரு காரணமாக இருக்கலாம். நீண்டநாள் வேலையில்லாதவர்கள் கூலிப் பேச்சில் கணக்கிலேயே வருவதில்லை என்பது இன்னொன்று. 1986இல் பிளாஞ்சார்டும் சம்மர்ஸும் ஐரோப்பாவை வைத்து எழுதியது அதைத்தான்: பெரிய வேலையின்மை நீடித்தால் செங்குத்துக் கோடே அதன் பின்னால் வலதுபக்கம் நகர்ந்துவிடும். இந்த இரண்டில் எது என்று பிரிக்க ஆண்டுச் சராசரி போதாது. பெடரல் ரிசர்வின் FRED தரவுத் தளத்தில் `UNRATE` என்று வேலையின்மை விகிதம் மாதவாரியாக இருக்கும், அதை எடுங்கள், கூடவே 27 வாரத்துக்கு மேல் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை `UEMP27OV` என்று இருக்கும், அதையும் இறக்கி 1982 முதல் 85 வரை போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.